முதல் அரைமணி நேரமும் நஷ்டக் கணக்கும்

பங்குச் சந்தை காலை 9.15-க்குத் திறக்கிறது. 9.45 வரை ஒரு பங்கு தொட்ட உச்ச விலை 506, அடி விலை 500 என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் 506-ஐத் தாண்டினால் வாங்கி, அன்றே விற்பது ஒரு முறை.

இதில் பலர் ஏமாறுவது அவசரத்தால். 506.50-ஐத் தொட்டவுடன் வாங்குவார்கள்; சற்று நேரத்தில் விலை 503-க்கு இறங்கிவிடும். ஆகவே ஐந்து நிமிட கேண்டில் ஒன்று 506-க்கு மேல் முடியும்வரை பொறுக்க வேண்டும். அப்போதும் ஏமாற்றம் நேரலாம்.

எனவே நஷ்டக் கணக்கை முதலில் போடுங்கள். 507-ல் வாங்கி, ஸ்டாப் லாஸ் 500 என்றால் பங்குக்கு 7 ரூபாய் போகும். 700 ரூபாய்தான் இழக்க முடியும் என்பவர் 100 பங்குக்கு மேல் வாங்கக்கூடாது. உச்சத்துக்கும் அடிக்கும் 20 ரூபாய் இடைவெளி விழுந்த நாளில், அதே கணக்கில் 33 பங்குதான். தரகும் வரியும் தனி.