ஊரை விட்டுப் போகிறவனுக்கு ஒரு செய்முறைக் கவிதை

செய்முறைக் குறிப்பின் வடிவத்தில் கவிதை எழுதுவது மேல்நாட்டிலிருந்து வந்த புதிய வித்தை என்று எண்ணுகிறவர்கள், கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். பத்துப்பாட்டில் ஒன்றான அந்த 500 அடிப் பாட்டு, வறுமையில் வாடும் பாணன் ஒருவனைத் தொண்டைமான் இளந்திரையனிடம் வழிப்படுத்துகிறது; எந்த நிலத்தின் வழியே நடப்பது, எயினர் குடியிலும் கோவலர் குடியிலும் உழவர் மனையிலும் அந்தணர் இல்லத்திலும் உண்ணக் கிடைப்பது என்ன என்று கிரமமாகச் சொல்லிக்கொண்டே போய்க் காஞ்சியில் கொண்டு சேர்க்கிறது. ஊருக்கு வருகிறவனை அந்தப் பாட்டு நடத்துகிறது. அதே காஞ்சியை ஒட்டிய ஏனாத்தூரிலிருந்து வேலை தேடிப் பெங்களூருக்குப் புறப்படும் ஒரு தறிக்காரர் வீட்டுப் பையனுக்கு நாம் எழுதப் போவது வெளியேறுகிறவனுக்கான பாட்டு.

முதற் காரியம், பண்டத்தைத் தேர்ந்துகொள்வது. பிரயாணத்துக்குக் கட்டிக்கொடுக்கத் தக்க பண்டமாகவும், அந்த ஊருக்கே உரியதாகவும் அது இருக்க வேண்டும். வரதராஜப் பெருமாள் கோயிலில் நிவேதனமாகும் இட்லி இந்த இரண்டு லட்சணமும் உடையது: மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்வதால் சாதாரண இட்லியைவிட அதிக நேரம் கெடாமல் இருக்கும். இதைக் கவிஞன் கவனித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் வீட்டுச் சாப்பாடு எத்தனை வேளைக்குத் தாங்கும் என்ற கணக்கே, பிரிவின் தூரத்தையும் சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

அடுத்து, கவிதையை ஒதுக்கி வைத்துவிட்டு, உண்மையான செய்முறையைப் பிழையின்றி எழுதிக்கொள்ளுங்கள். எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ புத்தகத்தைப் போல, அளவும் வரிசையும் ஐயமற இருக்கட்டும். வினைமுற்றையும் இந்த இடத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும். ‘ஊறவை’ என்றால் ஒரு தாயின் குரல் கேட்கிறது. ‘ஊறவைக்கவும்’ என்றால் பேசுகிறவர் யாரென்றே தெரிவதில்லை. துக்கத்தை அடக்கிச் சொல்ல இரண்டாவதே உகந்தது என்பது என் அபிப்பிராயம். எதை எடுத்தாலும், கடைசி வரை அதுவே நிற்க வேண்டும். நடுவில் மாறினால் குரல் உடைந்து, கவிதை தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்.

அதன் பிறகே வீட்டை உள்ளே விடுவது. வேலையின் நேரங்களைக் கடிகாரத்தால் குறிக்காமல், வீட்டில் நடக்கும் காரியங்களால் குறியுங்கள். அவ்விதம் எழுதிப் பார்த்தது இது:

வழிக்குக் காஞ்சிபுரம் இட்லி

பச்சரிசி ஓர் ஆழாக்கு, புழுங்கலரிசி ஓர் ஆழாக்கு,
உளுந்து ஓர் ஆழாக்கு ஊறவைக்கவும்.
கொரகொரப்பாக அரைக்கவும்.
தறிச் சத்தம் நின்ற பிறகு
உப்புச் சேர்த்து, கையால் கலந்து மூடவும்.
மறுநாள், அவன் துணிகளை மடித்து வைத்தபின்,
மிளகு, சீரகம், சுக்கு பொடித்து
நெய்யில் பொரித்துக் கொட்டவும்.
மந்தாரை இலை விரித்த குடலையில் வேகவைக்கவும்.
ஈர்க்குச்சி ஒட்டாமல் வந்தால் வெந்தது.
ஆறவிட்டுக் கட்டவும், சூட்டோடு கட்டினால் வேர்த்துவிடும்.
வாசல் வரை சென்று கொடுக்கவும்.
மிச்சத்தை வீட்டிலுள்ளவர்களுக்குப் பரிமாறவும்.
ஒரு தட்டுக் குறைத்து வைக்கவும்.

இதில் சமையற்கட்டில் செய்ய முடியாத காரியம் ஒன்றுகூட இல்லை. ‘சூட்டோடு கட்டினால் வேர்த்துவிடும்’ என்பது எந்தப் பாட்டியும் சொல்லும் எச்சரிக்கைதான்; ஆயினும் புறப்படுகிற நேரத்தில், அவசரப்படாதே, இன்னும் சற்று இருந்துவிட்டுப் போ என்று அது கெஞ்சுவது வாசகனுக்குக் கேட்கும். கடைசி வரியும் அப்படியே: தட்டு எடுத்துவைப்பது அன்றாட வேலை, குறைந்தது எண்ணிக்கை மட்டுமே.

இந்த வடிவம் பெரும்பாலும் கெடுவது ஒரே விதத்தில்தான். ‘ஒரு சிட்டிகைக் கண்ணீர்’, ‘இரண்டு கரண்டி ஏக்கம்’ என்று அளக்க முடியாத சரக்கைச் சேர்த்த மாத்திரத்தில், வாசகன் சமையலையும் நம்புவதில்லை, துக்கத்தையும் நம்புவதில்லை. இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு: எழுதியதை, கவிதை என்று சொல்லாமல், நன்றாகச் சமைக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அரிசியளவைப் பற்றியோ பதத்தைப் பற்றியோ அவர் ஆட்சேபித்தால் உடனே திருத்துங்கள். ‘இது என்ன சரக்கு?’ என்று கேட்டு நின்றால், அந்த வரியை அடித்துவிடுங்கள். கடைசி வரியில் மட்டும் அவர் மௌனமானால், அதில் கை வைக்க வேண்டாம்.

தலைப்பை இறுதியில் எழுதுங்கள். அதில் பிரிவு, விடை, வீடு என்ற சொற்கள் வேண்டாம், பண்டத்தின் பெயரே போதும்.