இரவில் ஒரு சின்னக் குளிசை

கிளினிக் கொப்பியில் “அமிட்ரிப்டிலின் 10 மி.கி., நொக்டே” என்று எழுதியிருப்பதை எங்கள் பகுதியில் பல வீடுகளில் காணலாம். நொக்டே என்பது “இரவில்” என்று பொருள்படும் லத்தீன் சொல். நித்திரை வரவில்லை என்று போனவருக்கு இந்தக் குளிசை ஒரு சிறிய கடதாசிப் பையில் கிடைக்கிறது. வீட்டில் பிள்ளைகள் யாராவது அதன் பெயரைத் தொலைபேசியில் தேடினால் “மனச்சோர்வுக்கான மருந்து” என்று வருகிறது. “எனக்கு விசர் என்று டொக்டர் நினைத்துவிட்டாரா?” என்று பயந்து குளிசையை எறிந்துவிடுபவர்கள் உண்டு. இது நித்திரைக் குளிசைதானே என்று இரண்டு மூன்றாக விழுங்குபவர்களும் உண்டு. இந்த இரண்டு தவறுகளும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஒரே மருந்து சிறிய அளவில் ஒரு வேலையையும் பெரிய அளவில் வேறொரு வேலையையும் செய்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

அமிட்ரிப்டிலின் 1961ஆம் ஆண்டு முதல் மனச்சோர்வுக்குப் பயன்பட்டு வருகிறது. அந்த நோய்க்கு வளர்ந்தவர்களுக்குப் பொதுவாக நாளொன்றுக்கு 75 முதல் 150 மி.கி. வரை தேவைப்படும். நித்திரைக்காகத் தருவது 10 மி.கி. அல்லது 25 மி.கி. மட்டுமே.

இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொள்ள எல்லோரும் அறிந்த பிரிட்டன் குளிசையிலிருந்து தொடங்கலாம். தடிமனுக்கும் சொறிக்கும் பிரிட்டன் போட்டால் கண் சொக்குகிறது. ஏனெனில் அது ஹிஸ்டமினைத் தடுக்கிறது. மூளையின் பரிவகக்கீழ்ப் பகுதியில் உள்ள ஒரு நரம்புக் கூட்டம் பகல் முழுவதும் ஹிஸ்டமினைச் சுரந்து எங்களை விழிப்பாக வைத்திருக்கிறது. நரம்புக் கலங்களில் உள்ள ஹிஸ்டமின் வாங்கிகளை ஒரு மருந்து அடைத்துவிட்டால் அந்த விழிப்புச் செய்தி போய்ச் சேராது. அப்போது நித்திரை வரும்.

அமிட்ரிப்டிலின் மூளையில் பல இடங்களில் ஒட்டக்கூடியது. அவற்றுள் ஹிஸ்டமின் வாங்கியிலேயே மிக இறுக்கமாக ஒட்டுகிறது. அதனால் 10 மி.கி. கொடுத்தாலே அந்த வாங்கிகளில் பெரும்பங்கு அடைபட்டுவிடும். செரட்டோனினையும் நோர்அதிரனலினையும் நரம்புக் கலம் மீண்டும் உள்ளே எடுப்பதைத் தடுப்பதுதான் இதன் மனச்சோர்வு எதிர்ப்பு வேலை. அதைப் போதிய அளவில் செய்வதற்குப் பல மடங்கு மருந்து வேண்டும். நேரத்திலும் வித்தியாசம் உண்டு. நித்திரை முதல் இரவே வரலாம், ஆனால் மனச்சோர்வு குறைய முழு அளவில் இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை ஆகும்.

ஆகவே 10 மி.கி. எழுதப்பட்டவருக்கு மனநோய் என்று யாரும் முடிவு செய்யவில்லை. இதன் மறுபக்கத்தையும் குடும்பத்தினர் கவனிக்க வேண்டும். உண்மையிலேயே மனச்சோர்வால் நித்திரை கெட்ட ஒருவர் சாப்பிடாமல், பேசாமல், வாழ்வதில் விருப்பமில்லாமல் இருந்தால் 10 மி.கி. அந்த நோய்க்குச் சிகிச்சை ஆகாது. “மாத்திரை குடிக்கிறார்தானே” என்று இருந்துவிடாமல் அவரை மனநல கிளினிக்கிற்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இனி ஓர் உதாரணம் பார்ப்போம். அறுபத்தைந்து வயதுள்ள ஓர் உம்மம்மாவுக்குக் கால் எரிவும் நித்திரையின்மையும் இருக்கின்றன. அவருக்கு 10 மி.கி. எழுதப்படுகிறது. நரம்பு நோவுக்கும் இந்தச் சிறிய அளவு உதவுவதால் அது பொருத்தமான தெரிவுதான். அவர் படுக்கப்போகும்போது, இரவு பத்தரைக்குக் குளிசையைப் போடுகிறார். இம்மருந்து இரத்தத்தில் உச்சத்தை அடைய நான்கு முதல் எட்டு மணித்தியாலம் வரை ஆகலாம். அப்படியானால் அதிகாலை இரண்டரைக்கும் ஆறரைக்கும் இடையில்தான் உச்சம். சுபஹுக்கு எழும்பும்போது தலை பாரமாக, கால் தள்ளாடும். வைத்தியரிடம் கேட்டு அதே குளிசையை இரவு எட்டு, எட்டரைக்குப் போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும்.

இன்னொரு கணக்கும் உண்டு. இம்மருந்தில் பாதி உடலை விட்டுப்போக ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும். முதல் இரவு 10 மி.கி. போட்டால் அடுத்த இரவு உடலில் 5 மி.கி. மிஞ்சியிருக்கும். அதனுடன் புதிய 10 சேர்ந்தால் 15. மூன்றாம் இரவு 17.5. நான்காம் இரவு 18.75. இப்படி 20ஐ நெருங்கி அங்கே நின்றுவிடும். முதியவர்களில் மருந்து வெளியேற இன்னும் நேரம் எடுப்பதால் இது மேலும் கூடும். எனவே இரண்டு நாளில் “சரிவரவில்லை” என்று தானாக இரண்டு குளிசை போட்டால், ஒரு வாரத்தில் உடலில் நிற்பது 40 மி.கி. ஆகிவிடும்.

பக்கவிளைவுகளும் இம்மருந்து ஒட்டும் மற்ற இடங்களிலிருந்தே வருகின்றன. அசற்றைல்கோலினைத் தடுப்பதால் வாய் காயும், மலம் இறுகும், பார்வை மங்கும், சிறுநீர் கழிக்கச் சிரமமாகும். இரத்தக் குழாய்கள் சுருங்குவதைத் தடுப்பதால், படுத்திருந்து சட்டென்று எழும்பும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். நடு இரவில் மலசலகூடத்திற்கு எழும்பும் முதியவர் விழுந்து இடுப்பெலும்பை முறிப்பது இப்படித்தான். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழும்புவது நல்லது. முழு அளவில் இவையெல்லாம் கடுமையாகும். பசியும் உடல் எடையும் கூடும். சிறிய அளவிலும் முதியவர் இடம், ஆள் தெரியாமல் குழம்பினால் அதை “வயதுக் கோளாறு” என்று விடாமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

கண் அழுத்த நோய், புரோஸ்டேட் வீக்கம், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். தடிமனுக்குப் பார்மசியில் வாங்கும் பிரிட்டன் இதனுடன் சேர்ந்தால் ஒரே வாங்கி இரட்டிப்பாக அடைபட்டு மயக்கம் கூடும். நோவுக்குத் தரும் டிராமடோலும் மனச்சோர்வுக்குத் தரும் புளுவொக்செட்டினும் இதனுடன் மோதக்கூடியவை. ஆகையால் எந்தக் கிளினிக்கிற்குப் போனாலும் எல்லாக் கொப்பிகளையும் கொண்டுபோக வேண்டும்.

அளவு மிஞ்சினால் இம்மருந்து இதயத்தின் சோடியம் வாய்க்கால்களை அடைத்துத் துடிப்பையே குலைத்துவிடும். சிறு குழந்தை ஒன்று 25 மி.கி. குளிசைகளில் சிலவற்றை விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து. கடதாசிப் பையில் வரும் குளிசையைத் தலையணைக்கடியில் வைக்காமல் பூட்டி வைக்க வேண்டும். மனம் உடைந்து போயிருப்பவர் வீட்டில் இருந்தால் சாவி இன்னொருவரிடம் இருக்க வேண்டும். யாராவது அதிகமாக விழுங்கிவிட்டால், மயக்கம் வரும்வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இவ்வளவு இருந்தும் வைத்தியர்கள் இதை எழுதுவதற்குக் காரணம், டயசிபாம் போன்ற குளிசைகளைப் போல இதற்கு மனிதர் அடிமையாவதில்லை என்பதே. ஆனால் இதன் பலனுக்கும் எல்லை உண்டு. நெதர்லாந்தில் குடும்ப வைத்தியர்களின் நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், ஆறு வாரத்தில் 10 முதல் 20 மி.கி. அமிட்ரிப்டிலின் வெற்றுக் குளிசையை விடச் சற்று நன்றாக வேலை செய்தது. ஆனால் நோயாளிக்குப் பெரிதாக உணரக்கூடிய அளவுக்கு அந்த வித்தியாசம் இருக்கவில்லை. ஆகவே சில வாரங்கள் கழித்து, “இது இன்னும் தேவையா?” என்று வைத்தியரிடம் கேட்பது நோயாளியின் உரிமை. நிறுத்துவதாக இருந்தாலும் அவர் சொல்லும் முறையிலேயே நிறுத்த வேண்டும். முழு அளவில் பல மாதம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் குமட்டல், தலையிடி, பதற்றம், கெட்ட கனவுகள் வரும். சிறிய அளவிலிருந்து நிறுத்துபவருக்கும் சில இரவுகள் நித்திரை குழம்பலாம். அது பழைய நோய் திரும்பிவிட்டதன் அடையாளம் என்று பயந்து, மிச்சமிருக்கும் குளிசையைத் தேடி எடுக்கத் தேவையில்லை.