பாரிசவாதமும் விழுங்கலும்: இருமல் வராத புரையேற்றம்

சாப்பிடும்போது யாருக்காவது புரையேறினால், "யாரோ நினைக்கினம்" என்று சொல்லித் தலையில் தட்டிவிடுவது நம் வீடுகளில் உள்ள வழக்கம். யார் நினைத்தாலும் சரி, அந்த நேரத்தில் வருகிற இருமல் ஒரு காவற்காரன். மூச்சுக்குழாய்க்குள் தவறிப் போன ஒரு துளி தண்ணீரையோ ஒரு சோற்றுப் பருக்கையையோ வெளியே தள்ளுவதற்காகவே அது வருகிறது. பாரிசவாதம் கண்ட ஒருவரில் இந்தக் காவற்காரன் உறங்கிவிடலாம். தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கும், ஆனால் இருமல் வராது. பக்கத்தில் இருப்பவருக்கு, அவர் நன்றாகக் குடிக்கிறார் என்றே தோன்றும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

வாசகர்களில் பலர் வைத்தியசாலையில் இந்த அனுபவத்தைச் சந்தித்திருப்பீர்கள். அப்பாவையோ அம்மாவையோ அம்புலன்சில் கொண்டுபோன சில மணி நேரத்தில், கட்டிலின் தலைமாட்டில் 'நில் பை மௌத்' என்று ஒரு பலகை தொங்கும். வாய் வழியாக எதுவும் கொடுக்கக்கூடாது என்பது அதன் பொருள். காலையிலிருந்து ஒன்றும் குடிக்காத மனிதருக்கு ஒரு மிடறு தேத்தண்ணி கூடக் கொடுக்க விடுகிறார்கள் இல்லையே என்று நமக்குக் கோபம் வரும். சிலர் தாதியர் அப்பால் போனதும் பிளாஸ்கைத் திறப்பதுண்டு. கோயில் தீர்த்தம் ஒரு கரண்டிதானே என்று நினைப்பவர்களும் உண்டு. அந்த ஒரு கரண்டி ஏன் பெரிய விஷயம் என்பதை விளங்கிக்கொள்ள, விழுங்குதல் எப்படி நடக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

தொண்டை ஒரு சந்தி. மூச்சும் உணவும் ஒரே வழியால் வந்து, கீழே இரண்டாகப் பிரிகின்றன. முன்னால் இருப்பது மூச்சுக்குழாய், பின்னால் இருப்பது உணவுக்குழாய். நாக்கு உணவைப் பின்னுக்குத் தள்ளியதும் ஒரு செக்கன் அளவிலான நேரத்துக்குள் பல காரியங்கள் வரிசையாக நடந்து முடிகின்றன. மூச்சு நிற்கிறது. அண்ணம் உயர்ந்து மூக்குப் பாதையை அடைக்கிறது. குரல்வளை மேலே எழும்பி, குரல் நாண்கள் இறுகி மூடுகின்றன. உணவுக்குழாயின் வாசல் திறக்கிறது. உணவு உள்ளே போனபின் பெரும்பாலும் வெளிமூச்சோடு சுவாசம் மறுபடி தொடங்கும். உங்கள் கழுத்தின் முன்பக்கத்தில் இரு விரல்களை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். குரல்வளை எழும்பி இறங்குவதை உணர்வீர்கள்.

இந்த வரிசையை நடத்துவது மூளைத்தண்டின் அடிப்பகுதியாகிய முகுளம். அங்குள்ள நரம்புக் கலங்களின் ஒரு கூட்டம் தொண்டையிலிருந்து வரும் செய்திகளைச் சேர்த்து, விழுங்கலைத் தொடங்கிவைக்கிறது. இன்னொரு கூட்டம் எந்தத் தசை எப்போது இயங்கவேண்டும் என்று கட்டளைகளைப் பிரித்து அனுப்புகிறது. ஆகவே முகுளத்தில் ஒரு சிறிய இரத்தக்குழாய் அடைபட்டாலும் விளைவு கடுமையாக இருக்கும். அப்படிப்பட்ட நோயாளியின் கையும் காலும் நல்ல பலத்தோடு இருக்கலாம். ஆனால் தலைசுற்று, வாந்தி, விக்கல், கரகரத்த குரல் என்பவற்றோடு, தன் எச்சிலையே விழுங்க முடியாமல் கிண்ணத்தில் துப்பிக்கொண்டிருப்பார். கைகால் விழவில்லையே, இது பாரிசவாதமாக இராது என்று வீட்டார் நினைத்துவிடுவது இங்கேதான்.

பெரும்பாலான பாரிசவாதங்கள் முகுளத்தில் வருபவை அல்ல, மேல் மூளையில் வருபவை. விழுங்கலை நடத்துவது முகுளம் என்றால், மேல் மூளையில் அடிபட்டவருக்கு ஏன் விழுங்க முடியாமல் போகிறது? அதிலும், இடப்பக்கம் விழுந்த இருவரில் ஒருவர் அன்றே சாப்பிடுகிறார், மற்றவரால் முடியவில்லை. இது நெடுநாள் புதிராக இருந்தது. இதற்கு விடை தந்த ஆய்வு இந்த நாட்டிலேயே நடந்தது. மான்செஸ்டருக்கு அருகே சால்ஃபோர்டில் இருந்த ஹோப் வைத்தியசாலையில் ஷஹீன் ஹம்டி என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும், தலைக்கு மேல் ஒரு காந்தச் சுருளை வைத்து மூளையின் மேற்பட்டையைத் தூண்டி, தொண்டைத் தசைகள் எவ்வளவு அசைகின்றன என்று அளந்தார்கள். 1996 இல் வெளியான அவர்களுடைய முடிவின்படி, தொண்டைக்கான இடம் மூளையின் இரு பாதிகளிலும் இருக்கிறது, ஆனால் இரண்டும் சமமல்ல. ஒருவருக்கு வலது பாதி பெரிது, இன்னொருவருக்கு இடது பாதி பெரிது. அவர் வலக்கைக்காரரா இடக்கைக்காரரா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. பெரிய பாதி அடிபட்டால் விழுங்கல் குழம்பும். சிறிய பாதி அடிபட்டால் தப்பலாம். 1998 இல் அதே குழுவினர் இன்னொன்றையும் காட்டினார்கள்: விழுங்கும் திறன் திரும்பி வந்தவர்களில், அடிபடாத பாதியில் தொண்டைக்கான இடம் சில வாரங்களில் பெருத்திருந்தது. பாரிசவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்குத் தொடக்கத்தில் விழுங்கற் குறை இருந்தும், அவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவதற்கு இதுவே முக்கிய காரணம் எனக் கருதப்படுகிறது.

ஒருவரின் பெரிய பாதி எது என்று முகத்தைப் பார்த்தோ கையைப் பார்த்தோ சொல்ல முடியாது. ஆகவே எல்லோரையும் சோதிக்க வேண்டியிருக்கிறது. வாய் வழியாக உணவோ தண்ணீரோ மருந்தோ கொடுப்பதற்கு முன் இதைச் செய்யவேண்டும் என்பது இங்குள்ள விதி. வந்து சேர்ந்து 4 மணி நேரத்துக்குள் சோதனை நடந்ததா என்று ஒவ்வொரு வைத்தியசாலையிலும் கணக்கெடுக்கிறார்கள். லண்டனில் 2010 முதல் புதிய பாரிசவாத நோயாளர்களை நோர்த்விக் பார்க், சார்ங் குறொஸ், சென்ற் ஜோர்ஜஸ் போன்ற 8 சிறப்பு நிலையங்களுக்கு நேரே கொண்டுபோக ஒழுங்கு செய்யப்பட்டது. இந்தச் சோதனையில் பயிற்சி பெற்ற தாதியர் அங்கே இருப்பார்கள்.

சோதனை எப்படி நடக்கும் என்பதற்கு உதாரணமாக ஓர் ஐயாவை எடுத்துக்கொள்வோம். வயது 74. காலையில் எழும்பியபோது இடக்கை தூக்க முடியவில்லை, பேச்சுக் குழறுகிறது. அம்புலன்ஸ் வருமுன் வீட்டில் இனிப்புத் தேத்தண்ணி கொடுத்திருக்கிறார்கள். சிலர் இந்த நேரத்தில் அஸ்பிரினும் கொடுப்பார்கள். மூளையில் இரத்தம் கசிந்திருந்தால் அது கேட்டை மிகுவிக்கும், ஆகவே ஸ்கான் எடுக்குமுன் அதைக் கொடுக்கக்கூடாது. ஸ்கான் முடிந்தபின் தாதி வருகிறார். தண்ணீரை அவர் உடனே கொடுப்பதில்லை. நன்றாக விழித்திருக்கிறாரா, நிமிர்ந்து உட்கார முடிகிறதா, எச்சில் வடிகிறதா, கேட்டால் இரும முடிகிறதா என்று பார்க்கிறார். வாயைத் துப்புரவாக்கி, பொய்ப்பல்லைச் சரியாகப் பொருத்துகிறார். தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்குச் சோதனை இத்தோடு நின்றுவிடும். இந்த ஐயா விழிப்பாக இருக்கிறார்.

பிறகு ஒரு தேக்கரண்டி தண்ணீர், ஏறக்குறைய 5 மில்லிலீற்றர். தாதியின் விரல்கள் குரல்வளையின் மேல் இருக்கின்றன. அது எழும்புகிறது. 'ஆ' என்று சொல்லச் சொல்கிறார்; குரல் தெளிவு. இரண்டாவது கரண்டியும் அப்படியே. மூன்றாவது கரண்டியில் குரல்வளை தயங்கி எழும்புகிறது. இருமல் இல்லை. ஆனால் 'ஆ' என்றபோது குரல் ஈரமாக, கொளகொளவென்று வருகிறது. தாதி கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறார்.

"மிஸ், அப்பா இருமவே இல்லையே, ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்று மகள் கேட்கிறார்.

"குரலைக் கேட்டீங்களோ தங்கச்சி? தண்ணிக்குள்ளாலை கதைக்கிற மாதிரி இல்லையோ? தண்ணி குரல்நாணுக்கு மேல நிக்குது. அப்பாவுக்கு அது தெரியேல்லை."

மூன்று கரண்டியும் சரியாகப் போயிருந்தால், அடுத்ததாக ஒரு கோப்பையில் 50 மில்லிலீற்றர் அளவு தண்ணீரைக் குடிக்கச் சொல்லியிருப்பார். சில இடங்களில் 90 மில்லிலீற்றர் கொடுப்பார்கள். இருமல், ஈரக்குரல், மூச்சு வாங்குதல், இவற்றில் எது தெரிந்தாலும் அங்கேயே நிறுத்தம். முன்பெல்லாம் தொண்டையின் பின்பக்கத்தைக் குச்சியால் தொட்டு, ஓங்காளம் வருகிறதா என்று பார்த்தே முடிவு சொன்னார்கள். அது நம்பத்தக்கதல்ல என்று 1995 இல் பிரித்தானிய வைத்தியர்கள் காட்டினார்கள். நல்ல சுகதேகிகளிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்கு அந்த ஓங்காளம் வரவில்லை. ஓங்காளம் வருகிறது என்பதால் விழுங்கல் சரியென்று சொல்லவும் முடியாது.

தண்ணீர்ச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. ஈரக்குரலும் இன்றி, இருமலும் இன்றி உள்ளே இறங்குவதை அது தவறவிடும். தேறிவிட்டார் என்று சொல்லப்பட்ட ஒருவருக்கு அடுத்த நாட்களில் காய்ச்சல், சளி, சாப்பாட்டின் பின் மூச்சு வாங்குதல் என்பன கண்டால், உடனே தாதியிடம் சொல்லி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால், பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்றே படமாகப் பார்ப்பார்கள், அல்லது மூக்கு வழியாக மெல்லிய கமரா ஒன்றை விட்டுப் பார்ப்பார்கள்.

சோதனையில் தவறியவரைப் பட்டினி போடுவதில்லை. நீர், சேலைன் மூலம் போகும். மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு மெல்லிய குழாய் வைத்து, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பால் போன்ற உணவு கொடுக்கத் தொடங்குவார்கள். அஸ்பிரின் தேவையானால் அந்தக் குழாய் வழியாகவோ மலவாசல் வழியாகவோ கொடுக்கலாம். பேச்சு மொழிச் சிகிச்சையாளர், முடிந்தால் ஒரு நாளுக்குள், பிந்தினால் மூன்று நாட்களுக்குள் வந்து விரிவாகப் பார்ப்பார். இந்த நாட்களில் வீட்டார் செய்யக்கூடிய பெரிய உதவி வாயைச் சுத்தமாக வைத்திருக்க உதவுவதுதான். உள்ளே தவறிப் போகும் எச்சிலில் கிருமிகள் குறைந்திருந்தால் நிமோனியா வரும் வாய்ப்பும் குறையும். ஈரமான தூரிகையால் பல்லும் நாக்கும் துடைக்கும் முறையைத் தாதியிடம் கேட்டுப் பழகலாம்.

சாப்பிடத் தொடங்கியபின் நம் சமையலில் ஒரு சிக்கல் இருக்கிறது. தண்ணீரும் கட்டியும் கலந்த உணவே விழுங்கக் கடினமானது, ஏனென்றால் நீர் முன்னே ஓடிவிட, பருக்கை பின்னே தங்கிவிடுகிறது. சொதி விட்ட இடியப்பமும் ரசச்சோறும் அந்த வகை. புட்டு உதிர்ந்து தொண்டையில் சிதறும். கடைந்து ஒரே பதமாக்கிய பருப்பும் மசித்த பூசணியும், கட்டியில்லாத தயிரும் சுலபமானவை. எந்தப் பதம் என்று சிகிச்சையாளர் சொல்வார். அவருக்கு இடியப்பம் தெரியாமல் இருக்கலாம். ஒரு பெட்டியில் கொண்டுபோய்க் காட்டுங்கள். தண்ணீரைத் தடிப்பாக்கும் மாவு கொடுத்தால் அளவு மாறாமல் கலக்க வேண்டும். அந்தத் தடிப்புத் தண்ணீர் பலருக்குப் பிடிப்பதில்லை. குறைவாகக் குடித்து உடலில் நீர் வற்றிப் போவதுண்டு. அது நிமோனியாவைத் தடுக்கிறது என்பதற்கான சான்றும் வலுவானதல்ல. ஆகவே ஒவ்வொரு நாளும் எவ்வளவு குடித்தார் என்று எழுதி வைத்து, குறைந்தால் சொல்லிவிடுங்கள்.

நமது ஐயாவின் எக்ஸ்றே படத்தில், தண்ணீர் குரல்நாணைத் தாண்டி இறங்குவதும், இருமல் வராததும் தெளிவாகத் தெரிந்தன. தயிர்ப் பதத்திலுள்ள உணவு பத்திரமாக இறங்கியது. முதல் வாரம் குழாய் உணவு. இரண்டாம் வாரம், நிமிர்ந்து உட்கார்ந்து, நாடியைச் சற்றுத் தாழ்த்தி, கரண்டியால் மசித்த உணவு. நான்காம் வாரம் மறுபடி தண்ணீர்ச் சோதனை; இம்முறை மூன்று கரண்டியும் கோப்பையும் தெளிந்த குரலோடு முடிந்தன. பலகையைக் கழற்றியபின் மகள் பிளாஸ்கிலிருந்து அரைக் கோப்பை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். இரண்டாவது மிடறில் அவருக்குப் புரையேறி, பலமாக இருமினார். மகள் பயந்து தாதியைக் கூப்பிட்டார். தாதி வந்து குரலைக் கேட்டுவிட்டு, இருமல் திரும்பி வந்திருப்பது நல்ல செய்தி என்றும், மிடறு சிறிதாக இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.