சங்கிலியும் நீர்த்துளியும்

வேதியியல் வகுப்பில் பலபடிகளைப் பற்றிப் பாடம் நடக்கும்பொழுது, ஆசிரியர் திரையில் இரண்டு படங்களைக் காட்டுவது வழக்கம். முதற் படத்தில் ஒரே வகையான மணிகள் வரிசையாக இணைந்து நீண்ட சரமாகின்றன. அதன் கீழே 'சேர்க்கைப் பலபடியாக்கல்: பாலித்தீன்' என்று எழுதியிருக்கும். இரண்டாம் படத்தில் இருவேறு நிற மணிகள் மாறி மாறி இணைகின்றன. ஒவ்வோர் இணைப்பிலிருந்தும் ஒரு நீர்த்துளி வெளியே விழுகின்றது. அதன் கீழே 'குறுக்கப் பலபடியாக்கல்: நைலான்' என்று எழுதியிருக்கும். மாணவர் பலர் மணிகளை நன்றாகப் பார்க்கின்றனர், துளியைப் பார்ப்பதில்லை. அத்துளியோ ஓவியர் அழகுக்காக வரைந்தது அன்று. நைலான் இழை உறுதியாக இருப்பதும், நொறுங்கிப் போவதும் அத்துளியைப் பொறுத்தவையே.

முதலில் பாலித்தீனை நோக்குவோம். இதற்கு மூலப்பொருள் எத்திலீன் என்னும் வாயு. எத்திலீன் மூலக்கூறில் இரண்டு கார்பன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் கட்டுண்டு நிற்கின்றன. அப்பிணைப்புகளுள் ஒன்று அவிழ்ந்தால், ஒவ்வொரு கார்பனும் பக்கத்து மூலக்கூறைப் பற்றிக்கொள்ள ஒரு கை கிடைக்கின்றது. இவ்வாறு ஆயிரக்கணக்கான எத்திலீன் மூலக்கூறுகள் கைகோத்து நிற்பதே பாலித்தீன். இங்கு எதுவும் வெளியேறுவதில்லை. ஆகவே 28 கிலோகிராம் எத்திலீன் முழுவதும் இணைந்தால் 28 கிலோகிராம் பாலித்தீனே கிடைக்கும்.

நைலானின் கதை வேறு. அதற்கு மூலப்பொருள்கள் இரண்டு. ஒன்று அடிப்பிக் அமிலம். அதன் இரு முனைகளிலும் அமிலத் தொகுதிகள் உள்ளன. மற்றொன்று ஹெக்சாமெத்திலீன் டையமீன். அதன் இரு முனைகளிலும் அமீன் தொகுதிகள் உள்ளன. இம்மூலக்கூறுகளுக்கும் இரண்டிரண்டு கைகள் உண்டு என்று கொள்ளலாம். ஆனால் அவை வெறுங்கைகள் அல்ல. கையில் வைத்திருப்பதைக் கீழே போட்டால்தான் அடுத்தவரின் கையைப் பிடிக்க இயலும். அமில முனை ஓர் ஆக்சிஜனும் ஓர் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதியை விடுகின்றது; அமீன் முனை ஓர் ஹைட்ரஜனை விடுகின்றது. விடப்பட்டவை ஒன்றுகூடி நீராகின்றன. அடிப்பிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 146, டையமீனின் எடை 116, கூட்டினால் 262. இவ்விரண்டும் சங்கிலியில் சேரும்பொழுது இரண்டு நீர் மூலக்கூறுகள், அதாவது 36 பங்கு எடை, கழிந்துவிடுகின்றது. எஞ்சுவது 226. ஆகவே 262 கிலோகிராம் சரக்கை இட்டால் 226 கிலோகிராம் நைலானும் 36 கிலோகிராம் நீரும் கிடைக்கும். குறுக்கம் என்னும் பெயரின் பொருள் இதனால் விளங்கும்.

எடைக் கணக்கைவிட முக்கியமான வேற்றுமை ஒன்று உண்டு. அது சங்கிலி வளரும் முறை.

எத்திலீன் தானாகக் கைகோக்கத் தொடங்குவதில்லை. யாரேனும் தூண்ட வேண்டும். இவ்வுண்மை எளிதில் தெரிந்துவிடவில்லை. 1933-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், இங்கிலாந்தில் வின்னிங்டன் என்னும் இடத்தில் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் கிப்சன், ஃபாசெட் என்னும் இருவர் எத்திலீனையும் பென்சால்டிகைடையும் சேர்த்து, 170 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில், வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 2000 மடங்கு அழுத்தத்துக்கு உட்படுத்தினர். கலத்தைத் திறந்தபொழுது மெழுகு போன்ற வெண்ணிறப் பொருள் சிறிதளவு படிந்திருந்தது. மறுபடியும் செய்து பார்த்தபொழுது அதே பலன் கிடைக்கவில்லை. வாயு திடீரெனச் சிதைந்து வெடிக்கவும் செய்தது. 1935-ஆம் ஆண்டு டிசம்பரில் பெரின் என்பவரும் அவருடைய துணைவர்களும் எத்திலீனை மட்டும் வைத்து முயன்றனர். கருவியில் எங்கோ கசிவு இருந்தமையால் அழுத்தம் குறைந்தது. மேலும் எத்திலீனைச் செலுத்தினர். இறுதியில் 8 கிராம் வெண்பொடி கிடைத்தது. புதிதாகச் செலுத்திய வாயுவில் கலந்திருந்த மிகச் சிறிதளவு ஆக்சிஜனே சங்கிலிகளைத் தொடங்கிவைத்தது என்பது பிறகு புலனாயிற்று. ஆக்சிஜன் இல்லையேல் ஒன்றும் நிகழாது, மிகுந்தாலோ வெடிக்கும். கசிவைக் குறை என்று கருதிக் கருவியை மூடிவிட்டிருந்தால் அன்று அந்த 8 கிராமும் கிடைத்திராது.

ஒரு முனை தூண்டப்பட்டுவிட்டால், அது தன் முன்னால் வரும் எத்திலீனைப் பற்றுகின்றது. உடனே பற்றப்பட்ட மூலக்கூறின் மறுமுனை தூண்டப்பட்ட முனையாக மாறுகின்றது. இப்படியே ஒரு நொடிப்பொழுதுக்குள் ஒரு முழுச் சங்கிலி வளர்ந்து முடிந்துவிடுகின்றது. ஆகவே வினையைப் பாதியில் நிறுத்திப் பார்த்தால், கலத்தில் இருப்பவை இருவகையே: முழுமையான நீண்ட சங்கிலிகள் ஒருபுறம், இன்னும் தொடப்படாத எத்திலீன் மறுபுறம். உயர் அழுத்த முறையில் பாலித்தீன் செய்யும் ஆலைகளில், ஒரு முறை கலத்தினுள் செல்லும் வாயுவில் பாதிக்கும் குறைவான பங்கே பலபடியாகின்றது. எஞ்சிய வாயுவைத் திரும்பச் செலுத்துகின்றனர். அதனால் சரக்கின் தரம் குறைவதில்லை.

நைலானில் இவ்வாறு செய்ய இயலாது. ஏன் என்பதைச் சிறிய கணக்கொன்றால் காண்போம். கலத்தில் அமிலமும் அமீனுமாக 1000 மூலக்கூறுகள் இருப்பதாகக் கொள்க. இங்கே எல்லா முனைகளும் ஒரே காலத்தில் இணையத் தகுதி உடையவை. இரண்டு சேர்ந்து ஒன்றாகும். அவ்வொன்று மற்றொன்றோடு சேர்ந்து நான்காகும். ஒவ்வோர் இணைப்பு நிகழும்பொழுதும் துண்டுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறையும். 500 இணைப்புகள் முடிந்தபொழுது எஞ்சும் துண்டுகள் 500. சராசரி நீளம் இரண்டு மணிகள்தாம். 900 இணைப்புகள் முடிந்தபொழுதும் 100 துண்டுகள் இருக்கும்; சராசரி நீளம் பத்து. வேலையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு முடிந்தும், கிடைத்தது இழையாகாத பிசினே! 990 இணைப்புகள் முடிந்த பின்னரே சராசரி நீளம் 100 ஆகின்றது. 995 முடிந்தால் 200 ஆகின்றது. பயனுள்ள நைலான் இழையின் எல்லை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றது. தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூறு பெற்றவனை யாரும் குறை கூறமாட்டார். இங்கோ தொண்ணூறு பெற்றவனும் தோற்றவனே.

கடைசி ஒரு பங்கை முடிப்பதில்தான் நீர்த்துளி குறுக்கே வருகின்றது. அமிலமும் அமீனும் இணைந்து நீர் விடுவதைப்போலவே, நீரும் அவ்விணைப்பைத் தாக்கிப் பழையபடி அமிலமாகவும் அமீனாகவும் பிரிக்க வல்லது. கலத்தில் நீர் தங்கியிருக்குமாயின், ஒருபுறம் கட்டக்கட்ட மறுபுறம் அவிழ்ந்துகொண்டே இருக்கும். இணைவதும் பிரிவதும் சமமானவுடன் சங்கிலி அதற்கு மேல் நீளாது.

அமெரிக்காவில் வில்மிங்டன் நகரத்தில் டூபான்ட் ஆய்வுக்கூடத்தில் பணி செய்த கரோதர்ஸ் என்னும் அறிஞர் இச்சுவரில்தான் முட்டி நின்றார். அமிலத்தையும் ஆல்ககாலையும் இணைத்து அவர் ஆக்கிய பாலியெஸ்டர்களின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 6000-ஐத் தாண்ட மறுத்தது. சங்கிலிக்கு இயற்கையாகவே ஓர் எல்லை உண்டோ என்று பிறர் ஐயுற்றிருக்கலாம். தங்கிவிட்ட நீரே தடை என்று அவர் கருதினார். ஆதலால் அவருடைய குழுவினர் மூலக்கூறு வடிகலம் என்னும் கருவியைப் பயன்படுத்தினர். அதனுள் காற்று அறவே நீக்கப்பட்டிருக்கும். உருகிய பொருளுக்கு மிக அருகில் குளிர்ந்த பரப்பு ஒன்று இருக்கும். வெளிவரும் நீர் மூலக்கூறு அப்பரப்பில் உறைந்துவிடும். திரும்பி வந்து சங்கிலியைத் தாக்காது. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அக்குழுவைச் சேர்ந்த ஜூலியன் ஹில் அவ்வுருகிய பொருளைத் தொட்டு இழுத்தபொழுது அது நூலாக நீண்டது. மூலக்கூறு எடை 12,000-ஐக் கடந்திருந்தது. ஆறிய நூலை மேலும் இழுத்தார். அது தன் நீளத்தைப்போல் பல மடங்கு நீண்டு, பளபளப்பும் உறுதியும் பெற்றது. இழுக்கும்பொழுது சங்கிலிகள் ஒன்றுக்கொன்று இணையாக வரிசைப்பட்டமையே அவ்வுறுதிக்குக் காரணம். குட்டையான சங்கிலிகளாய் இருந்திருப்பின் அவை ஒன்றையொன்று பற்றி நில்லாமல் அறுந்திருக்கும்.

அந்தப் பாலியெஸ்டர் குறைந்த வெப்பத்திலேயே உருகியமையால் துணிக்கு உதவவில்லை. எனினும் வழி தெரிந்துவிட்டது. 1935-ஆம் ஆண்டு பிப்ரவரியில், மேலே நாம் கூறிய அமிலத்தையும் அமீனையும் கொண்டு நைலான் ஆக்கப்பட்டது. 1938-ஆம் ஆண்டில் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

நீரைப் போக்கினால் மட்டும் போதாது. இருவகை மூலக்கூறுகளும் எண்ணிக்கையில் ஒத்திருக்க வேண்டும். 100 அமீன் மூலக்கூறுகளுக்கு 102 அமில மூலக்கூறுகளை இட்டுவிட்டதாகக் கொள்க. அமீன் முனைகள் 200-தான். ஆகவே 200 இணைப்புகளுக்கு மேல் நிகழ வழியில்லை. 202-இல் 200 போக இரண்டு துண்டுகள் எஞ்சும். சராசரி நீளம் 101-உடன் நின்றுவிடும். எல்லா முனைகளிலும் அமிலமே நிற்குமாதலால் பிறகு எவ்வளவு சூடேற்றினும் பயனில்லை. இவ்விரண்டு பங்கு மிகுதியைத் தராசில் நிறுத்துத் தவிர்ப்பது கடினம். ஆலையில் இதற்கு ஓர் அழகிய உபாயம் உண்டு. அமிலத்தையும் அமீனையும் முதலில் உப்பாகச் சேர்க்கின்றனர். அவ்வுப்பில் ஒன்றுக்கு ஒன்றாகவே இரண்டும் அமையும். பிறகு அவ்வுப்பைச் சூடேற்றி நீரைப் போக்குகின்றனர்.

நீர் ஆலையில் மட்டுமன்றி, வார்ப்படச் சாலையிலும் பகைவனே. நாம் தண்ணீர் வாங்கும் புட்டிகள் பாலியெஸ்டரால் ஆனவை. டெரிலின் துணியும் அதே இனத்தது. புட்டி செய்வோர் அப்பொருளைச் சிறு சிறு குருணைகளாக வாங்கி உருக்குகின்றனர். குருணை காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சுகின்றது. அதன் சங்கிலியின் மூலக்கூறு எடை 20,000 என்று கொள்வோம். நீரின் மூலக்கூறு எடை 18. ஆகவே 20 கிலோகிராம் குருணையில் 18 கிராம் நீர் இருப்பின், சங்கிலி ஒன்றுக்கு நீர் மூலக்கூறு ஒன்று வீதம் இருக்கும். உருகிய நிலையில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் ஓர் இணைப்பை வெட்டினால், எல்லாச் சங்கிலிகளும் சராசரியாகப் பாதியாகிவிடும். 20 கிலோகிராமில் 18 கிராம் என்பது ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. கைக்கோ கண்ணுக்கோ அந்த ஈரம் தெரியாது.

ஆதலின் குருணையை 160 டிகிரிக்கு மேற்பட்ட உலர் காற்றில் பல மணி நேரம் வைத்து, ஈரத்தைக் கிலோகிராமுக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே இறக்கிய பின்னரே உருக்குகின்றனர். சரியாக உலராத சரக்கை அனுபவமுள்ள தொழிலாளி எந்திரத்தின் வாயிலேயே இனங்கண்டுகொள்வார்: தேன்போல் தடித்து ஒழுக வேண்டிய உருகல் நீர்த்து ஓடும். அதிலிருந்து செய்த புட்டி பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கலாம். கீழே விழுந்தால் உடையும். பாலித்தீன் குருணையை உருக்குவோருக்கு இக்கவலை இல்லை. அச்சங்கிலியில் கார்பனும் கார்பனும் நேரே கட்டுண்டிருக்கின்றன. நீர் நுழைந்து வெட்டுவதற்கு அங்கே இடமில்லை. ஈரம் இருந்தால் ஆவியாகிப் பண்டத்தில் கொப்புளம் எழக்கூடும், சங்கிலி குட்டையாகாது.