ஐ.சி.யூ. வாசலில் இருப்பவளுக்கு

கேள்வி: தோழியின் கணவர் 5 நாளாக ஐ.சி.யூ.வில், வென்டிலேட்டரில் இருக்கிறார். அவளுக்கு வாட்ஸ்அப்பில் என்ன எழுதுவது?

பதில்: "இப்போ எப்படி இருக்கார்?" என்று கேட்காதீர்கள். டாக்டரே சொல்லாத பதிலுக்கு அவள் எங்கே போவாள்? "சரியாகிடும்" என்பதும் வேண்டாம். மயக்க மருந்தைக் குறைத்து, தானாக மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பார்கள். காலையில் தேறியவருக்கு மாலையில் மறுபடி மெஷின் தேவைப்படலாம். என் அக்கா அப்படிக் காத்திருந்தபோது வந்த ஒரு செய்தியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறாள்: "அக்கா, பதில் போட வேண்டாம். 7 மணிக்கு இட்லியும் சார்ஜரும் செக்யூரிட்டிகிட்ட கொடுத்துட்டுப் போறேன். பசங்களை நானே ஸ்கூல்ல விட்டுடறேன்." இப்படி எழுதுங்கள். பத்தாம் நாளும் எழுதுங்கள். அதற்குள் மற்றவர்களின் செய்திகள் நின்றுபோயிருக்கும்.