வகுப்புப் பதிவை வெட்டுவதா, குறியிடுவதா?

பத்தாம் வகுப்புக் கணக்கு. இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் மூன்று முறைகளும் ஒரே 45 நிமிட வகுப்பில் நடந்து முழுதாகப் பதிவாகியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அன்று வராத மாணவிக்கு இதைத் தலைப்பு தலைப்பாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

அவள் வீட்டில் இணையம் நன்றாகக் கிடைக்குமானால் வீடியோவை வெட்டவே வேண்டாம் என்பேன். யூடியூபில் ஏற்றி, விளக்கப் பகுதியில் நேரங்களை எழுதினால் போதும்.

```
0:00 காரணிப்படுத்தல்
12:10 வர்க்கப் பூர்த்தி
21:40 சூத்திர முறை
```

முதல் வரி 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று வரிகள் வேண்டும், நேரங்கள் ஏறுவரிசையில் வர வேண்டும். இல்லையென்றால் பகுதிகள் பிரியாது.

ஆசிரியர் "அடுத்து சூத்திர முறை" என்று சொன்னது 22:40இல். நான் 21:40 என்று குறித்ததற்குக் காரணம், வர்க்கப் பூர்த்தி முடியும் தறுவாயில் அவர் பலகையில் எழுதிய ax² + bx + c = 0 என்ற வரியிலிருந்துதான் சூத்திரம் பிறக்கிறது. அந்த ஒரு நிமிடம் இல்லாமல் பார்ப்பவளுக்குச் சூத்திரம் எங்கிருந்து வந்ததென்றே தெரியாது. குறியிட்ட வீடியோவில் அவள் பின்னால் நகர்த்திப் பார்த்துக்கொள்ளலாம். வெட்டிய கோப்பில் அதற்கு வழியில்லை. அதனால் வெட்டும்போது அந்த நிமிடத்தை முந்தைய துண்டின் முடிவிலும் அடுத்த துண்டின் தொடக்கத்திலும், இரண்டிலுமே வையுங்கள்.

டேட்டா குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப, வெட்டித்தான் ஆக வேண்டும். அதற்கு ffmpeg என்ற இலவச மென்பொருளில் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, உள்ளதை அப்படியே நகலெடுப்பது:

```
ffmpeg -ss 00:21:40 -i class.mp4 -t 570 -c copy part3.mp4
```

21:40இலிருந்து 570 விநாடிகள், அதாவது ஒன்பதரை நிமிடம். வேலை சில விநாடிகளில் முடியும், தரமும் குறையாது. ஆனால் வீடியோவில் முழுப்படமாகச் சேமிக்கப்பட்ட சட்டங்கள் இடைவெளி விட்டுத்தான் இருக்கும். இந்த முறையால் அங்கிருந்துதான் வெட்ட முடியும். தொடக்கத்தில் குரல் கேட்டுப் படம் உறைந்து நின்றாலோ, சில விநாடிகள் முன்பிருந்தே துண்டு தொடங்கினாலோ காரணம் இதுதான்.

முன்னால் கூடுதலாக ஒட்டிக்கொண்டு வருவதால் பாடத்துக்குக் குறையில்லை. படம் உறைந்தால் மட்டும் இரண்டாவது வழிக்குப் போங்கள்: `-c copy` இருக்கும் இடத்தில் `-c:v libx264 -crf 26 -c:a aac` என்று எழுதினால் வீடியோ புதிதாகக் குறியாக்கப்படும். நேரம் பிடிக்கும், ஆனால் சொன்ன இடத்தில் வெட்டும், பெரும்பாலும் கோப்பின் அளவும் குறையும். 26ஐ உயர்த்தினால் அளவு இன்னும் சுருங்கும், ஆனால் சாக்பீஸ் கோடுகள் மங்கத் தொடங்கும். அனுப்புவதற்கு முன் ஒரு சிறிய செல்போனில் ஓட்டி, b² - 4ac-இல் உள்ள அந்தக் குட்டி 2 தெளிவாகப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.