பண்டகசாலையில் எப்பொழுது, எவ்வளவு வாங்குவது?

திருப்பூரில் பின்னலாடைத் தொழிலாளர்க்கெனக் கூட்டுறவுப் பண்டகசாலையொன்று இருப்பதாகக் கொள்வோம். துவரம்பருப்பு ஆண்டுக்கு 72 மூட்டை விற்கிறது. மூட்டை 50 கிலோ. ஒருமுறை தருவிக்க வண்டி வாடகையும் ஆட்செலவும் 800 ரூபாய். ஒரு மூட்டையை ஓராண்டு இருப்பில் வைக்க, முடங்கிய பணத்தின் வட்டியும் வண்டரிப்பும் சேர்ந்து 800 ரூபாய்.

24 மூட்டையாக வாங்கின், மும்முறை தருவிக்க 2,400 ரூபாய். சராசரி இருப்பு 12 மூட்டை. அதற்கு 9,600 ரூபாய். மொத்தம் 12,000. ஆறாறு மூட்டையாக வாங்கினும் அதே தொகைதான். பன்னிரண்டாக வாங்கினாலோ 9,600 ரூபாயே. இதுவே சிக்கனக் கொள்முதல் அளவு. ஆண்டு விற்பனையை இரட்டித்து, தருவிக்கும் செலவால் பெருக்கி, இருப்புச் செலவால் வகுத்து, வர்க்கமூலம் காண்க. 1913இல் அமெரிக்கரான ஃபோர்டு ஹாரிஸ் வெளியிட்ட வழி இது.

எப்பொழுது எழுதுவது? சரக்கு வர ஐந்து நாள். நாளொன்றுக்கு 10 கிலோ விற்பனை. ஆகவே ஒரு மூட்டை போதுமெனத் தோன்றும். ஆனால் சனிக்கிழமைச் சம்பளத்தன்று விற்பனை இரட்டிக்கும், வண்டியும் தாமதிக்கலாம். நாம் தணிக்கை செய்த ஒரு சங்கத்தில் கடைசி மூட்டையைப் பிரித்த பின்னரே கடிதம் எழுதினர். மூன்று நாள் உறுப்பினர் வெறும்பையுடன் திரும்பினர். எனவே காப்பிருப்பாக ஒரு மூட்டை சேர்த்து, இரண்டு மூட்டை எஞ்சியதுமே எழுதுக.

இக்கணக்கு சீரான விற்பனைக்கே பொருந்தும். தீபாவளி போனஸ் வாரத்தில் மறுகொள்முதல் அளவை உயர்த்துக. தொழிலாளர் ஊர் சென்றபின் அவர் திரும்பும்வரை எழுதுவதை நிறுத்துக.